மெல்லுவதா, அதக்குவதா?

நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் என் சித்தப்பாவுக்கு ஒரு நாளைக்குப் பதினெட்டு சிகரெட். முதல் சிகரெட் காலையில் கண் விழித்த ஐந்தாவது நிமிடம், கொல்லைப்புறத்தில், ஒரு கையில் காபி டம்ளரோடு. சென்ற ஆண்டு பிரஷர் பார்க்கப் போன இடத்தில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வரும் வழியில், வழக்கமாக சிகரெட் வாங்கும் அதே பெட்டிக்கடையில் தொங்கிக்கொண்டிருந்த நிக்கோடின் சூயிங்கம் பட்டை ஒன்றை வாங்கி வந்தார்.

அன்று மாலை நான் அங்கே இருந்தேன். டீ வந்தது. ஒரு வாய் டீ, கூடவே சூயிங்கம். சிறு பிள்ளைகள் பபிள்கம்மை மெல்வதுபோல தாடை வலிக்க மென்றார். ஊறிய எச்சிலை டீயோடு சேர்த்து விழுங்கினார். மூன்று நிமிடத்தில் விக்கல் பிடித்தது. பிறகு நெஞ்செரிச்சல், குமட்டல். ஆனால் சிகரெட் ஆசை மட்டும் இம்மியும் குறையவில்லை.

“டேய், இது சிகரெட்டை விட மோசம்டா. சும்மா ஏமாத்து வேலை” என்று பட்டையை மேஜை டிராயரில் எறிந்துவிட்டு வெளியே போனார். எதற்குப் போனார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

“நானும் போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் ஆகலை” என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் முக்கால்வாசிப் பேர் சித்தப்பா செய்ததையே செய்திருப்பார்கள். பெயரிலேயே சூயிங்கம் என்று இருந்தால் மெல்லத்தானே தோன்றும்? ஆனால் அது மெல்லுகிற சமாசாரமே இல்லை. அதற்குப் பொருத்தமான சொல் நம்மிடம் எப்போதோ இருக்கிறது: அதக்குவது. வெற்றிலையோடு புகையிலைத் துண்டை வைத்துக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டிகளுக்குத் தெரிந்த வித்தை அது. புகையிலை நல்லது என்று சொல்லவில்லை. வாய்ப்புற்றுநோய் அந்தத் திண்ணைகளிலிருந்து நிறையப் பேரைக் கொண்டுபோயிருக்கிறது. நிக்கோடின் எந்த வழியாக உடம்புக்குள் போகிறது என்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

சூயிங்கம்மின் கதையும் அப்படி அதக்கியவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. 1967-ல் சுவீடனில் லுண்ட் நகரத்து ஆராய்ச்சியாளர் கிளேஸ் லுண்ட்கிரன், மருந்து நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த தன் நண்பர் ஊவே ஃபெர்னோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலுக்குள் புகைக்க அனுமதி இல்லாததால் மாலுமிகள் புகையிலையை வாயில் போட்டு மெல்லுவதற்கு மாறிவிடுகிறார்கள், அதில் அவர்களுக்குத் திருப்தியும் கிடைக்கிறது என்பது அதன் சாரம். ஃபெர்னோவே நிறையப் புகைப்பவர். புகையிலை இல்லாமல் நிக்கோடினை மட்டும் வாய் வழியாகக் கொடுத்தால் என்ன என்று யோசித்தார். பத்து வருட உழைப்புக்குப் பிறகு 1978-ல் சுவிட்சர்லாந்தில் முதல் நிக்கோடின் சூயிங்கம் விற்பனைக்கு வந்தது.

அதன் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால் சித்தப்பா எங்கே சறுக்கினார் என்பது புரியும். சூயிங்கம்முக்குள் நிக்கோடின் ஒரு வகைப் பிசினோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. சும்மா வாயில் கிடந்தால் வெளியே வராது. பல் பட்டால்தான் விடுபடும். வெளியே வந்த நிக்கோடின் கன்னத்தின் உள்தோல் வழியாக நேரே ரத்தத்தில் கலக்க வேண்டும். எச்சிலோடு வயிற்றுக்குப் போனால் குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். கல்லீரல் அதில் பெரும்பகுதியை அங்கேயே அழித்துவிடும். மிச்சம் கிடைப்பது விக்கலும் நெஞ்செரிச்சலும்தான்.

டீ செய்த கெடுதல் வேறு. வாயில் அமிலத்தன்மை இருந்தால் நிக்கோடின் கன்னத்தோலைத் தாண்டாது. காரத்தன்மை இருந்தால் தாண்டும். புகையிலையோடு சுண்ணாம்பு சேர்த்துப் போடுபவர்கள் அறியாமலே கடைப்பிடிக்கிற வேதியியல் இதுதான். சூயிங்கம்மில் சுண்ணாம்புக்குப் பதில் வேறு காரப்பொருள் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு மேல் காபியையோ கோலாவையோ எலுமிச்சை ஜூஸையோ ஊற்றினால் சேர்த்த காரமெல்லாம் வீண். 1990-ல் அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். காபியோ கோலாவோ வாயில் வைத்துக் கொப்பளித்தவர்களுக்கு சூயிங்கம்மிலிருந்து நிக்கோடின் ஏறக்குறைய ஏறவே இல்லை. நம் ஊரில் சிகரெட்டும் காபியும் இணைபிரியாத ஜோடி. ஆகவே சிகரெட் நினைவு வரும் நேரம் பெரும்பாலும் வாயில் காபி இருக்கும் நேரமாகவே அமைந்துவிடுகிறது.

இரண்டு வாரம் கழித்து, சித்தி பிடிவாதம் பிடித்து அவரை அரசு மருத்துவமனையில் புகையிலைப் பழக்கத்துக்கு ஆலோசனை தரும் பிரிவுக்கு அனுப்பி வைத்தார். துணைக்கு நான். அங்கே இருந்த ஆலோசகர் அம்மா அறிவுரை எதுவும் சொல்லவில்லை. இரண்டே கேள்விகள் கேட்டார். “ஐயா, ஒரு நாளைக்கு எத்தனை? காலையில எழுந்ததும் எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட்?”

முதல் கேள்வி எல்லோரும் கேட்பது. இரண்டாவதுதான் கெட்டிக்காரக் கேள்வி. உடம்பில் நிக்கோடின் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இரவு முழுக்கத் தூங்கி எழுந்தவரின் ரத்தத்தில் அநேகமாக ஒன்றும் மிஞ்சியிருக்காது. எழுந்த அரை மணி நேரத்துக்குள் பற்றவைத்தே ஆக வேண்டும் என்றால் மூளை அந்த அளவுக்குப் பழகிப்போயிருக்கிறது என்று பொருள். சூயிங்கம்மோ, வாயில் கரையும் லாசஞ்ச் மாத்திரையோ மட்டும் எடுப்பதாக இருந்தால், அரை மணிக்குள் புகைப்பவருக்கு 4 மில்லிகிராம், அதற்கு மேல் தாக்குப்பிடிப்பவருக்கு 2 மில்லிகிராம் என்பது கணக்கு. நம் நாட்டில் 2 மில்லிகிராம் சீட்டு இல்லாமலே கிடைக்கும். 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். சித்தப்பா வாங்கியது 2 மில்லிகிராம். அவருடைய பழக்கத்துக்கு அது மட்டும் சோளப்பொரி.

பிறகு அந்த அம்மா ஒரு சூயிங்கம்மைப் பிரித்துக் கொடுத்து, எதிரே உட்கார வைத்தே பழக்கினார். மெதுவாக, விட்டு விட்டுக் கடிக்கச் சொன்னார். பத்துப் பதினைந்து முறை கடித்ததும் சித்தப்பாவின் முகம் சுளித்தது. “மிளகு மாதிரி சுருக்குன்னு இருக்குங்க.”

“அதுதான் ஐயா. நிறுத்துங்க. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல அதக்கிக்குங்க. கடிக்கக் கூடாது.”

ஒரு நிமிடம் போனதும் சுருசுருப்பு அடங்கியது. மறுபடி நாலைந்து கடி, மறுபடி சுருக்கென்றது, இந்த முறை மறு பக்கத்துக் கன்னத்தில். இப்படியே அரை மணி நேரம். அதற்குப் பிறகு எவ்வளவு கடித்தாலும் சுருக்கென்று வரவில்லை என்றால் சரக்கு தீர்ந்தது, துப்பிவிடலாம். போடுவதற்கு முன் கால் மணி நேரமும், வாயில் இருக்கும்போதும் தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. அன்று விக்கல் வரவில்லை. சித்தப்பாவுக்கு அதுவே பெரிய ஆச்சரியம்.

“சிகரெட் மாதிரி கிர்ருன்னு ஏறலையே?” என்று கேட்டார்.

ஏறாது. சிகரெட் புகை நுரையீரலுக்குள் போன பத்து, இருபது நொடிகளில் நிக்கோடின் மூளையைத் தொட்டுவிடுகிறது. அந்த வேகம்தான் ஆளை அடிமையாக்குவது. சூயிங்கம் உச்சத்தைத் தொட இருபது, முப்பது நிமிடம் ஆகும். உச்சமும் சிகரெட்டைவிடத் தாழ்ந்தது. எனவே கிர்ரென்ற அந்தச் சுகத்தை இது தராது. நிக்கோடின் திடீரென்று நின்றுபோனால் வருகிற எரிச்சல், கவனமின்மை, தூக்கக் கேடு, கொலைப்பசி இவற்றின் முனையை மழுங்கடிக்கும், அவ்வளவுதான். அந்தத் தொல்லைகள் விட்ட முதல் நாளிலேயே தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரத்தில் தணியும். அதுவரைக்கும் ஊன்றுகோல்.

“விஷத்தை எடுக்க விஷமா?” என்று சித்தி கேட்டது நியாயமான கேள்வி. நிக்கோடின் அடிமையாக்கும் பொருள், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நுரையீரலைக் கெடுப்பதும் புற்றுநோயைக் கொண்டுவருவதும் புகையில் இருக்கும் தாரும் மற்ற ரசாயனங்களும். இதயத்தைப் படுத்துவதில் கார்பன் மோனாக்சைடுக்குப் பெரிய பங்கு. சூயிங்கம்மிலும் பட்டையிலும் இவை எதுவும் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது. இந்தியாவின் பட்டியலில் 2022-ல் சேர்ந்தது.

சித்தப்பாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது இரண்டும் சேர்ந்தது: தோலில் ஒட்டும் நிக்கோடின் பேட்ச், கூடவே 2 மில்லிகிராம் சூயிங்கம். பேட்ச் என்பது கூரையில் இருக்கும் தண்ணீர் டாங்க் போல. மெதுவாக, நாள் முழுக்க, ஒரே சீராக நிக்கோடினை இறக்கிக்கொண்டே இருக்கும். ஆனால் மதியம் டிரைவரோடு வாடகைச் சண்டை போட்ட கையோடு திடீரென்று வருகிற ஆசைக்கு டாங்கால் ஈடுகொடுக்க முடியாது. அதற்குச் சூயிங்கம். இரண்டையும் சேர்த்தால் நிக்கோடின் அளவு மீறிவிடாதா என்ற பயம் மருந்துக்கடைக்காரர்களுக்கே உண்டு. பழுத்த புகைப்பழக்கம் உள்ளவருக்கு இரண்டும் சேர்ந்தாலும் சிகரெட் தந்த அளவைத் தாண்டுவது அரிது. ஒன்றை மட்டும் எடுப்பதைவிட இரண்டும் சேர்ந்தால் விட்டவர் எண்ணிக்கை கூடுகிறது என்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம்.

தினம் பத்து சிகரெட்டுக்கு மேல் என்பதால் 21 மில்லிகிராம் பேட்ச் ஆறு வாரம், பிறகு 14 மில்லிகிராம் இரண்டு வாரம், கடைசியாக 7 மில்லிகிராம் இரண்டு வாரம். பத்தும் அதற்குக் கீழும் என்றால் 14-லிருந்தே தொடங்கியிருப்பார்கள்.

முதல் இரண்டு நாள் பேட்ச் நிற்கவே இல்லை. மதியத்துக்குள் ஒரு ஓரம் சுருண்டு சட்டையில் ஒட்டிக்கொண்டது. மருந்து போலி என்று சித்தப்பா முடிவு கட்டிவிட்டார். நான் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது: குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தேய்த்து, குளித்த பின் பவுடர் போட்டு, அதற்கு மேல் ஒட்டியிருக்கிறார். எண்ணெயும் பவுடரும் வியர்வையும் இருந்தால் எந்த ஒட்டும் நிற்காது. முடியில்லாத இடமாக மேல்கை, மார்பின் மேற்பகுதி, முதுகு இவற்றில் ஒன்றைத் தேர்ந்து, துடைத்து, நன்றாகக் காயவிட்டு, உள்ளங்கையால் பத்து நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். ஓரங்களை விரலால் நீவிவிட வேண்டும். மூன்றாம் நாள் ஒட்டியது மறுநாள் காலை வரை அசையவில்லை.

ஒட்டிய இடம் லேசாக அரிக்கும், சிவக்கும். அதற்காகத்தான் தினமும் இடத்தை மாற்றச் சொல்வது. ஒரு இடத்துக்குத் திரும்ப ஒரு வாரமாவது ஆக வேண்டும். தடித்துக் கொப்பளித்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். சித்தப்பாவுக்கு வேறொரு தொல்லை வந்தது: கனவு. சினிமா போலக் கலர் கலராக, விடிய விடிய. இரவிலும் நிக்கோடின் இறங்கிக்கொண்டிருப்பதால் வருவது அது. படுக்கப் போகும்போது உரித்துவிட்டால் போதும். ஆனால் காலை முதல் சிகரெட்டுக்குத் தவிப்பவர் உரித்துவிட்டால் விடியற்காலை டாங்க் காலியாக இருக்கும். அவர் எழுந்ததும் புதிய பேட்ச் ஒட்டிக்கொண்டு, அது சூடுபிடிக்கும் வரை ஒரு சூயிங்கம் அதக்கிக்கொள்வார். அதற்கப்புறம்தான் காபி.

உரித்த பேட்சிலும் நிக்கோடின் மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே போக மடித்து, குழந்தைகளும் நாயும் தொடாத இடத்தில் போட வேண்டும். வாய்க்கு இனிப்பாக இருக்கும் லாசஞ்சும் அப்படித்தான். மிட்டாய் என்று குழந்தை எடுத்துச் சப்பினால் ஆபத்து. பேட்சை இரண்டாக வெட்டி ஒட்டும் சிக்கனக்காரர்களும் உண்டு. வெட்டினால் எவ்வளவு இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போனால் முன்கூட்டியே உரித்துவிடுவது நல்லது. சில பேட்சுகளின் பின்புறத்தில் உலோகத் தகடு இருக்கிறது, அது சூடேறித் தோலைச் சுட்டுவிடும்.

லாசஞ்சைப் பற்றி ஒரு பத்தி போதும். பல்செட் வைத்திருப்பவருக்குச் சூயிங்கம் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். அவருக்கு லாசஞ்ச்தான் சரி. கடிக்கவும் கூடாது, விழுங்கவும் கூடாது. கன்னத்தில் வைத்து, அவ்வப்போது பக்கம் மாற்றினால் இருபது முப்பது நிமிடத்தில் தானாகக் கரையும். காபி விதி இதற்கும் அப்படியே. ஒரு நாளைக்கு இருபதைத் தாண்டக் கூடாது. சூயிங்கம்முக்கு உச்சவரம்பு இருபத்து நான்கு.

அந்த உச்சவரம்பைத் தொடுகிறவர்கள் அபூர்வம். நம் ஊரில் நடக்கும் தவறு நேர்மாறானது. பட்டை விலையைப் பார்த்துவிட்டு ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று என்று இழுத்துப் பிடிப்பது, இரண்டே வாரத்தில் நிறுத்திவிடுவது. சூயிங்கம் மட்டும் எடுப்பவருக்கு முதல் ஆறு வாரம் மணிக்கோ இரண்டு மணிக்கோ ஒன்று, நாளைக்கு ஒன்பதாவது வேண்டும். பிறகு படிப்படியாக இடைவெளியைக் கூட்டிப் பன்னிரண்டு வாரத்தில் முடிக்க வேண்டும். அளவு போதவில்லையா, கூடிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எரிச்சலும் சிகரெட் நினைப்பும் ஓயாமல் இருந்தால் போதவில்லை. தலைசுற்றல், குமட்டல், குளிர்ந்த வியர்வை, படபடப்பு என்றால் கூடிவிட்டது.

படபடப்பு விஷயத்தில் சித்தப்பா எங்கள் எல்லோரையும் குழப்பினார். மூன்றாம் வாரம் கை நடுங்குகிறது, தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றார். பேட்ச் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் நினைத்தோம். ஆலோசகர் அம்மா தொலைபேசியில் கேட்டது, “ஐயா ஒரு நாளைக்கு எத்தனை காபி?” ஆறு. சிகரெட் புகையில் இருக்கும் தார் கல்லீரலைத் தட்டி எழுப்பி, காஃபீனை வேக வேகமாகக் கழிக்க வைக்கும். புகை நின்றதும் கல்லீரல் பழைய நிதானத்துக்குத் திரும்பிவிடும். அதே ஆறு காபி ரத்தத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தேங்கும். காபியை மூன்றாகக் குறைத்ததும் நடுக்கம் போயிற்று. இதே காரணத்தால்தான் ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின், மனநலத்துக்கு குளோசபின், ஓலன்சபின் எடுப்பவர்கள் புகையை நிறுத்துவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மருந்தின் அளவைக் குறைக்க வேண்டிவரலாம். பேட்ச் ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் இது நடக்கும், ஏனென்றால் இது நிக்கோடின் செய்கிற வேலை அல்ல, புகை நின்றதால் வருவது.

சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், இதயத்துடிப்புக் கோளாறு தீவிரமாக உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் தாங்களாகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பீடிக்காரர்கள் “சின்னதுதானே” என்று கணக்கைக் குறைத்துச் சொல்லவும் கூடாது. பீடி அணைந்து அணைந்து போவதால் அடிக்கடி, ஆழமாக இழுக்கிறோம். ஒரு பீடியில் கிடைக்கும் நிக்கோடின் சிகரெட்டுக்குச் சளைத்ததல்ல. மருத்துவமனைக்குப் போக வழியில்லாதவர்களுக்குத் தேசிய அளவில் கட்டணமில்லாத் தொலைபேசி இருக்கிறது: 1800-112-356.

ஐந்தாம் வாரம் ஒரு கல்யாண வீட்டில், பந்தலுக்குப் பின்னால் சித்தப்பா ஒன்று பற்றவைத்துவிட்டார். மறுநாள் பேட்சை உரித்தெறிந்துவிட்டு, “போச்சுடா, எல்லாம் வீண்” என்று உட்கார்ந்திருந்தார். ஒட்டியிருக்கும்போது புகைத்தால் மாரடைப்பு வரும் என்று யாரோ வேறு சொல்லியிருக்கிறார்கள். பேட்சோடு ஒரு சிகரெட் புகைத்தால் அதிகபட்சம் குமட்டும். உரித்துவிட்டால்தான் அடுத்த நாள் இரண்டு, அதற்கடுத்த நாள் நான்கு என்று பழைய பாதைக்குத் திரும்புவார்கள். அதே பேட்ச், அதே அளவு, தொடர வேண்டும். அன்று மதியமே புதியதை ஒட்டினோம்.

இவ்வளவு செய்தும் எல்லோரும் விட்டுவிடுவதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், எந்தத் துணையும் இல்லாமல் முயல்பவர்களைவிட இவற்றோடு முயல்பவர்கள் வெற்றி பெறும் வாய்ப்பு ஐம்பது அறுபது சதவீதம் கூடுதல். பெரிதாகத் தெரியும், ஆனால் துணையில்லாமல் நூற்றுக்குப் பத்துப் பேர் விட்டால், துணையோடு பதினைந்து, பதினாறு பேர் என்றுதான் அதற்கு அர்த்தம். பல முறை முயன்று விட்டவர்களே அதிகம்.

சித்தப்பாவின் பேட்ச் பத்து வாரத்தில் முடிந்தது. சூயிங்கம் மட்டும் இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது, லைட்டர் இருந்த இடத்தில். நாளைக்கு ஒன்றோ இரண்டோ. டாக்டர் அவசரப்படுத்தவில்லை, சிகரெட்டுக்குத் திரும்புவதைவிட இன்னும் சில வாரம் இதையே அதக்கட்டும் என்றார். போன வாரம் புக்கிங் ஆபீசுக்குப் போயிருந்தேன். டீக்கடைப் பையன் தட்டோடு உள்ளே வந்தான். சித்தப்பா பேசவில்லை. வலது கன்னம் லேசாக உப்பியிருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார்.

“வாயில இருக்குடா. பத்து நிமிஷம் கழிச்சு சூடா கொண்டா.”